வால்வு மூடும் நேரம் வரை உரம் விடாதீர்கள்: தானியங்கிச் சொட்டுநீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்டுயினோ போன்ற சிறிய கன்ட்ரோலரை வைத்துச் சொட்டுநீர் வால்வுகளையும் உர மோட்டாரையும் ஓட்டும்போது பெரும்பாலும் இப்படித்தான் நேரம் வைப்பார்கள்: ஒரு பிரிவுக்கு 60 நிமிடம் தண்ணீர், அதில் கடைசி 30 நிமிடம் உரம். உரம் நின்றதும் வால்வு மூடும், அடுத்த பிரிவு திறக்கும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பைப்புக்குள் நடப்பது வேறு.

இரண்டு ஏக்கர் வாழையை எடுத்துக்கொள்வோம். அரை ஏக்கர் வீதம் நான்கு பிரிவுகள். ஒரு பிரிவில் 625 கன்று, கன்றுக்கு 4 லிட்டர் டிரிப்பர் இரண்டு. ஆக மணிக்கு 5,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 83 லிட்டர். உரம் சேரும் இடத்திலிருந்து வால்வு வரை 63 மி.மீ. மெயின் பைப் 200 மீட்டர் என்றால், அந்தப் பைப்பே 500 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது காலியாகி மாற 6 நிமிடம் ஆகும். அதன்பின் டிரிப்பர்கள் பொருத்திய லேட்டரல் குழாய். 50 மீட்டர் லேட்டரலில் ஒவ்வொரு டிரிப்பரைத் தாண்டும்போதும் ஓட்டம் குறைந்துகொண்டே போகும். கடைசிச் சில மீட்டரில் தண்ணீர் ஊர்ந்துதான் போகும். அதற்கு இன்னும் 8 நிமிடம் வைக்க வேண்டும். உரம் கடைசிக் கன்றைத் தொட மொத்தம் 15 நிமிடம் வரை ஆகிறது.

உரம் விட்ட 30 நிமிடத்தில் ஓடியது 2,500 லிட்டர். வால்வு உடனே மூடினால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெயின் பைப்பிலேயே நிற்கும். அதை அடுத்த பிரிவு வாங்கிக்கொள்ளும். நான்கு பிரிவிலும் ஒரே வயது வாழை இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது பிரிவில் இளங்கன்று இருந்தால், குலை தள்ளிய மரத்துக்கான உரம் அதற்குப் போகும். கடைசிப் பிரிவின் உரம் பைப்பிலும் லேட்டரலிலும் இரவு முழுவதும் கிடக்கும். பாசியும் உப்புப் படிவும் டிரிப்பரை அடைக்கத் தொடங்குவது இப்படித்தான்.

எனவே 10 நிமிடம் வெறும் தண்ணீர், 30 நிமிடம் உரம், 20 நிமிடம் மீண்டும் வெறும் தண்ணீர் என்று வையுங்கள். கடைசி 20-ஐ எதற்காகவும் குறைக்காதீர்கள். மணல் நிலத்தில் அதைத் தேவைக்கு மேல் நீட்டவும் கூடாது. உரம் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

உங்கள் தோட்டத்துக்கான சரியான நேரத்தை அளந்தே தெரிந்துகொள்ளலாம். தொலைவில் உள்ள லேட்டரலின் கடைசி டிரிப்பருக்குக் கீழே ஒரு டம்ளரை வைத்து, உர மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரை முக்குங்கள். அளவு ஏறும் நிமிடமே பயண நேரம். இந்தச் சோதனையை யூரியாவில் செய்யாதீர்கள். யூரியா தண்ணீரில் அயனியாகப் பிரியாது, மீட்டர் அசையாது. வெள்ளைப் பொட்டாஷ் கரைத்துச் செய்தால் தெளிவாகத் தெரியும்.

அடுத்த தவறு, உர மோட்டாரைக் கடிகாரத்தை மட்டும் நம்பி ஓட்டுவது. மும்முனை மின்சாரம் போனால் போர் மோட்டார் நிற்கும். பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலரும் சிறிய உர மோட்டாரும் நிற்காது. ஓடாத தண்ணீரில் உரம் குவியும். செக் வால்வு இல்லையென்றால் கிணற்றுக்கே இறங்கும். போர் மோட்டாருக்கும் உரம் சேரும் இடத்துக்கும் நடுவே செக் வால்வு கட்டாயம். அத்துடன் மெயினில் ஃப்ளோ மீட்டர் வைத்து, ஓட்டம் இருந்தால்தான் உரம் என்று எழுதுங்கள்:

```cpp
// sec: தண்ணீர் ஓடிய விநாடிகள் மட்டும்
bool ok = flowLpm > 60 && sec >= 600 && sec < 2400;
digitalWrite(DOSE_PIN, ok ? LOW : HIGH);
```

`sec` தண்ணீர் ஓடும்போது மட்டும் ஏற வேண்டும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர, அதை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான EEPROM-இல் சேமியுங்கள். ஆனால் விநாடிக்கு ஒருமுறை எழுதாதீர்கள். அர்டுயினோ ஊனோவில் ஓர் இடத்துக்கு 1,00,000 முறைதான் உத்தரவாதம். தினம் 4 மணி நேரம் ஓடினால் ஒரு வாரத்தில் அது தீர்ந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

வால்வு மாற்றும்போது பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பது மூன்றாவது தவறு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க எல்லா வால்வும் மூடியிருந்தால் அழுத்தம் எகிறி, பைப் இணைப்பு கழன்றுவிடும். புதியதைத் திறந்து, 10 விநாடி பொறுத்துப் பழையதை மூடுங்கள். கடைசிப் பிரிவில் முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பிறகு வால்வை மூடுங்கள்.

கன்ட்ரோலர் ஆன் ஆகும் கணத்தில் ரிலே எல்லாம் ஒருமுறை 'டக்' என்று அடித்தால், அது `LOW`-இல் இயங்கும் ரிலே பலகை. `setup()`-இல் முதலில் `digitalWrite(pin, HIGH)`, அதன் பிறகே `pinMode(pin, OUTPUT)` என்று எழுதினால் அது நிற்கும். அந்த ஒரு கணத்தில் உர மோட்டாரும் சேர்ந்துதான் ஓடுகிறது.