தொடர்ந்து தோற்பவருக்கு மட்டும் இளகும் மேட்ச்-3 லெவல்: படிப்படியாக

மூன்று காய்களைச் சேர்த்து உடைக்கும் விளையாட்டு ஒன்றில் 24ஆம் லெவலை எடுத்துக்கொள்வோம். 22 நகர்வுகளில் 30 சிவப்புக் காய்களைச் சேர்க்க வேண்டும். பத்து ஆட்டத்தில் நான்கு வெற்றி, அதாவது 40% என்று வையுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் பேர் ஆடினால் முதல் ஆட்டத்தில் 600 பேர் தோற்பார்கள், மூன்றாவதுக்குப் பிறகும் 216 பேர், ஆறாவதுக்குப் பிறகும் 47 பேர் அங்கேயே நிற்பார்கள். எல்லோரும் ஒரே திறமை என்று வைத்தாலே இந்தக் கணக்கு. புதியவர்களுக்கு இன்னும் மோசம். விளையாட்டை அழித்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாலில் இருப்பவர்கள்தான். ஆகவே எல்லோருக்கும் லெவலை எளிதாக்க வேண்டாம், வாலை மட்டும் வெட்டினால் போதும்.

எதைத் தொடுவது? நகர்வுகளை 22இலிருந்து 25 ஆக்கினால் பக்கத்தில் ஆடும் நண்பர் உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆட்டத்தின் நடுவே விழும் காய்களை மாற்றினால் இன்னும் ஆபத்து: ஒருமுறை சந்தேகம் வந்தால், பிறகு நேர்மையாக வந்த தோல்வியையும் யாரும் நம்பமாட்டார்கள். இலக்கும் நகர்வும் அப்படியே இருக்கட்டும். ஆட்டம் தொடங்கும் முன் எந்தப் பலகையைக் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றுவோம்.

படி 1: பலகையைச் சீடு எண்ணோடு கட்டுங்கள்

ஒரு சீடு எண் கொடுத்தால் தொடக்கப் பலகையும், ஒவ்வொரு நெடுவரிசையிலும் அடுத்தடுத்து விழப்போகும் காய்களின் வரிசையும் ஒன்றுபோலவே வர வேண்டும். நெடுவரிசைக்கு ஒரு தனி வரிசை வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஆடுபவர் எங்கே உடைக்கிறார் என்பதைப் பொறுத்து எல்லாக் காய்களும் இடம் மாறிவிடும். 'இது எளிய பலகை' என்று சொல்லவே அர்த்தம் இருக்காது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை: யூனிட்டியில் `UnityEngine.Random` முழு விளையாட்டுக்கும் பொதுவானது. வெடிப்பு அனிமேஷனுக்கான ஸ்கிரிப்டும் அதிலிருந்தே எண் எடுத்தால், அதே சீடு வேறு பலகையைத் தரும். பலகைக்கென்று சொந்தமாக ஒரு சிறு ஜெனரேட்டர் எழுதிக்கொள்ளுங்கள். நகர்வே இல்லாமல் போகும்போது நடக்கும் கலைத்துப்போடலும் அதிலிருந்தே வர வேண்டும்.

படி 2: தானாக ஆடும் பாட் நிரலை ஆடவிட்டுத் தரம் பிரியுங்கள்

அந்த நேரத்தில் சிறந்ததாகத் தெரியும் இரண்டு மூன்று நகர்வுகளில் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும் எளிய பாட் போதும். 300 சீடுகள், ஒவ்வொன்றிலும் 50 ஆட்டம். வரைகலை இல்லாமல் ஓட்டினால் சீக்கிரம் முடியும். வெற்றி வீதப்படி அடுக்கி, இரு முனையிலும் 30 சீடுகளைத் தூக்கிவிடுங்கள். மிக எளிதானவற்றில் காய்கள் தாமாகவே உடைந்து கொட்டும், ஆடுபவருக்கே கூச்சமாக இருக்கும். மிச்சம் 240. கடினமான 120 வழக்கமான கூடை, அடுத்த 80 இளகிய கூடை, கடைசி 40 எளிய கூடை.

பாட்டின் வெற்றி வீதம் மனிதருடையது அல்ல. அதன் வரிசையை மட்டும் நம்புங்கள். 40% என்ற இலக்கை வழக்கமான கூடையில் மனிதர்களை ஆடவிட்டு அளந்து, நகர்வு எண்ணிக்கையால் சரிசெய்யுங்கள்.

படி 3: தோல்வியை எண்ணுங்கள்

தோற்றால் 1 கூட்டுங்கள். இலக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீதம் இருந்தால், இங்கே பத்துக்கு மேல் சிவப்பு பாக்கி என்றால், 2. இரண்டு காய்தான் பாக்கி என்று தோற்றவர் கோபத்தில் இல்லை, இன்னொரு முறை ஆடத் துடிக்கிறார். முதல் மூன்று நகர்வுக்குள் வெளியேறினால் 0. இதை விட்டுவிட்டால், திரும்பத் திரும்ப வெளியேறி எளிய பலகையை வாங்கும் வழியைச் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். வென்றதும் எண்ணிக்கை பூஜ்யம். கீழே `pain` என்பது இந்த எண்ணிக்கை, `next` என்பது ஒவ்வொரு கூடையிலும் அடுத்து எடுக்க வேண்டிய இடம்.

```csharp
int PickSeed(int pain) {
  int b = pain >= 5 ? 2 : pain >= 3 ? 1 : 0;
  return seeds[b][next[b]++ % seeds[b].Length];
}
```

`next` ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் தொடங்கட்டும். அதைச் சேமித்தும் வையுங்கள். இல்லையென்றால் விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அதே பலகை வரும்.

தொடர்ந்து வெல்பவருக்குக் கடினமாக்கும் கூடை இதில் வேண்டுமென்றே இல்லை. நன்றாக ஆடியதற்குத் தண்டனை என்பது வெளியே தெரிந்தால் மன்னிக்கமாட்டார்கள். அவர்களுக்கான சவால் அடுத்த லெவலில் இருக்கட்டும். பணம் கொடுத்து வாங்கியதையும் இந்த எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

படி 4: வேலை செய்கிறதா என்று பாருங்கள்

பத்தில் ஒருவருக்கு இந்த வசதியை அணைத்து வையுங்கள். முயற்சி எண்வாரியாக வெற்றி வீதத்தை இரு குழுவுக்கும் வரையுங்கள். அணைத்த குழுவில் கோடு மெல்லச் சரியும். திறமையானவர்கள் முன்னரே வென்று போய்விட, மிஞ்சுபவர்கள் தடுமாறுபவர்கள். மற்றக் குழுவில் மூன்றாவது, நான்காவது முயற்சியிலிருந்து கோடு நிமிர வேண்டும். இளகிய கூடை 50%, எளியது 65% தந்தால், ஒவ்வொரு தோல்விக்கும் 1 என்ற கணக்கில், ஆறாவது தோல்விக்குப் பிறகு மிஞ்சுபவர்கள் 47க்குப் பதில் 19.

கோடு நிமிரவே இல்லையென்றால் முதலில் படி 1ஐச் சோதியுங்கள்: ஒரே சீடை இருமுறை ஓட்டி, ஒரே நகர்வுகளைச் செய்து, கடைசிப் பலகை ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வந்தும் பயனில்லை என்றால், லெவலின் தடை பலகையில் இல்லை. ஏதோ ஒரு பெட்டியோ பூட்டோ எப்படி உடைகிறது என்பதே ஆடுபவருக்குப் புரியவில்லை. அதற்கு எந்தச் சீடும் உதவாது, லெவலையே திருத்த வேண்டும்.