புரோட்டீன் டப்பாவைப் படத்திலிருந்து அடையாளம் காண்பதும், சீலையும் தொகுதி இலக்கத்தையும் சரிபார்ப்பதும்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு புரோட்டீன் பவுடர் வாங்குகிறவர், பேஸ்புக் விளம்பரத்தையும் வட்ஸ்அப்பில் வரும் ஒன்றிரண்டு படங்களையும் நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டுக் கூரியருக்காகக் காத்திருப்பது இப்போது வழமையாகிவிட்டது. அந்தப் படங்களிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், எவை டப்பா கைக்கு வந்த பின்னரே தெரியும் என்பதை, நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய படங்களை வைத்து இங்கே விளக்குகிறேன். மோல்ட் பானங்களுக்கும் சத்துமா டின்களுக்கும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: சரியான படங்களைக் கேட்டு வாங்குங்கள்

முன்பக்கப் படம் மட்டும் போதாது. அது இணையத்தில் யாரும் எடுக்கக்கூடியது. முன்பக்கம், ஊட்டச்சத்து அட்டவணை உள்ள பக்கம், இறக்குமதியாளரின் ஸ்டிக்கர், டப்பாவின் அடிப்பகுதி என நான்கு படங்களைக் கேளுங்கள். அன்றைய திகதியை எழுதிய தாளொன்றை டப்பாவின் அருகில் வைத்து எடுக்கச் சொன்னால், பொருள் உண்மையில் அவர் கையில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சிறிய எழுத்துகள் கலங்கிப்போகும். ஆகவே படத்தை 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பகுதியைப் பிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுத்தால்தான் அங்குள்ள அச்சு தெளிவாகத் தெரியும்.

படி 2: லேபிளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெயர், சுவை, நிகர எடை ஆகியவற்றை நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் உள்ள அதே பொருளுடன் ஒப்பிடுங்கள். லேபிள் வடிவமைப்பை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதால், நிற வேறுபாட்டை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுசெய்ய வேண்டாம். அதைவிட உறுதியானது எடைக் கணக்கு. தம்பி அனுப்பிய படத்தில் நிகர எடை 907 கிராம், ஒரு வேளை அளவு 31 கிராம், மொத்தம் 29 வேளைகள் என்று இருந்தது.

```
31 × 29 = 899
```

907 கிராமுக்கு இது பொருந்துகிறது. 907 கிராம் டப்பாவில் 73 வேளைகள் என்று போட்டிருந்தால், அது 2.27 கிலோ டப்பாவின் லேபிளிலிருந்து நகலெடுக்கப்பட்டது என்று சந்தேகிக்கலாம். முன்பக்கத்தைக் கவனமாக நகலெடுப்பவர்கள்கூடச் சிறிய எழுத்தில் தவறிவிடுவதுண்டு.

பார்கோடைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். அது பொருளின் வகையையும் அளவையும் காட்டுமே தவிர, உங்கள் கையிலுள்ள அந்த ஒரு டப்பாவைக் காட்டாது. நகலெடுத்த பார்கோடும் ஒழுங்காகவே ஸ்கேன் ஆகும். சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால், டப்பாவிலுள்ள கியூஆர் கோடு வழியாகப் போகாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அங்கே சரிபாருங்கள். போலி டப்பாவின் கியூஆர் கோடு போலித் தளத்துக்கே கொண்டுபோய் விடலாம்.

படி 3: தொகுதி இலக்கமும் திகதிகளும்

லேபிள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே அச்சிடப்படுவது. தொகுதி இலக்கமும் திகதியும் பெரும்பாலும் பொதிசெய்யும்போது தனியாக, டப்பாவின் அடியிலோ கழுத்திலோ, சிறு புள்ளிகளால் ஆன எழுத்தாகவோ லேசரால் பொறித்த எழுத்தாகவோ அடிக்கப்படுகின்றன. அவை லேபிளின் மற்ற எழுத்துகளைப் போலவே ஒரே மையில், ஒரே அச்சில் இருந்தால் நிறுவனத்திடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அடிப்பகுதியில் ஓரிடம் மட்டும் மங்கியோ பளபளப்பு இழந்தோ இருந்தால், பழைய திகதியைத் தின்னரால் துடைத்திருக்கக்கூடும். புள்ளி எழுத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் 8 என்பது 6 ஆகவோ 3 ஆகவோ தோன்றும். எனவே ஒரே படத்தை நம்பாமல் வேறு கோணத்தில் இன்னொன்று கேளுங்கள்.

தம்பியின் டப்பாவின் அடியில் இருந்தது இது:

```
LOT 24F1807
MFG 06/2024
EXP 06/2026
```

முதல் வரி தொகுதி இலக்கம். அதை எழுதும் முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு என்பதால், அதற்குள் திகதியைத் தேடி ஊகிக்க வேண்டாம். எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டால் போதும். அடுத்த இரு வரிகளும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும். ஆனால் இறக்குமதியாளர் ஸ்டிக்கரில் காலாவதி 06/2028 என்று இருந்தது. அப்படியானால் பவுடரின் ஆயுள் நான்கு ஆண்டுகள் ஆகிறது. வே புரோட்டீனுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு அளவில்தான் கொடுக்கிறார்கள். டப்பாவில் அடித்ததும் ஸ்டிக்கரில் ஒட்டியதும் முரண்பட்டால், டப்பாவில் இருப்பதையே கணக்கில் எடுக்க வேண்டும். திகதிக்கு மேலேயே ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

04/09/26 போன்ற திகதி, அமெரிக்கப் பொருளில் ஏப்ரல் 9 ஆகவும் நம் வழக்கில் செப்டெம்பர் 4 ஆகவும் இருக்கலாம். உற்பத்தித் திகதியும் அதே வடிவில் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டு திகதிகளில் எதிலாவது முதல் இரு எண்களில் ஒன்று 12ஐ விடப் பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் இருப்பது நாள்.

படி 4: சீல்

தம்பிக்குத் திகதியைவிடப் பெரிய கவலை வேறொன்று. "அண்ணே, மூடிய தொறந்தா சீல் மேல உப்பி நிக்குது, பவுடர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டிருந்தார். அது அநேகமாகக் கெட்டதற்கான அறிகுறியல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் மூடப்பட்ட டப்பாவுக்குள் அடைபட்ட காற்று, மலைக்கு வந்ததும் விரிந்து, டப்பாவின் வாயில் ஒட்டிய சீல் படலத்தைத் தப்பின் தோல்போல இறுக்கிவிடுகிறது. குளிரில் உள்ளிருக்கும் காற்று சற்றுச் சுருங்குவதால் உப்பல் கொஞ்சம் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. சரியாக ஒட்டிய சீலில்தான் இப்படி உப்பல் நிற்கும்.

இதைச் சோதிக்க, வெளி மூடியைத் திறந்து, டப்பாவின் பக்கங்களை இரு கைகளாலும் மெதுவாக அழுத்துங்கள். படலம் எழும்பி அப்படியே நின்றால் காற்று கசியவில்லை. எழும்பாமல் தளர்ந்தே கிடந்தாலோ, பவுடர் வாசனை வெளியே வந்தாலோ எங்கோ துளை இருக்கிறது. அழுத்தாதபோது படலம் தட்டையாக இருப்பதை மட்டும் வைத்துப் பழிசொல்ல முடியாது. அது உயரமான இடத்தில் பொதிசெய்யப்பட்டதாகவும் இருக்கலாம். பவுடர் விளிம்புவரை இல்லாததும் குறையல்ல, பயணத்தில் அது அமர்ந்துவிடும்.

பிறகு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். தொழிற்சாலைச் சீல் வெப்பத்தால் விளிம்பு முழுவதும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்கும். பசையின் மணிகள், விளிம்பைத் தாண்டிய படல ஓரம், ஓரிடத்தில் மட்டும் உருகிய பிளாஸ்டிக் ஆகியவை துணி இஸ்திரியாலோ பசையாலோ மறுபடி ஒட்டியதைக் காட்டலாம். எல்லா நிறுவனங்களும் படலத்தில் எழுத்து அச்சிடுவதில்லை என்பதால், எழுத்து இல்லாததைக் குறையாக எடுக்க வேண்டாம். கூரியர் பொதியை வெட்டுவதிலிருந்து சீலைப் பார்ப்பதுவரை ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்து வையுங்கள்.

சந்தேகம் எழுந்தால்

தொகுதி இலக்கத்தையும் அடிப்பகுதிப் படத்தையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அந்தத் தொகுதி இந்தச் சுவையில், இந்த அளவில் வந்ததா, அதன் காலாவதித் திகதி என்ன என்று கேளுங்கள். நகலெடுத்த இலக்கம் உண்மையான தொகுதியாகவே இருக்கக்கூடும் என்றாலும், சுவையும் அளவும் திகதியும் ஒன்றாகப் பொருந்துவது கடினம். திகதி மாற்றப்பட்டிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிக்கலாம். தம்பியிடம் பில்லையும் ஸ்டிக்கரையும் பத்திரப்படுத்தச் சொன்னேன். பதில் வரும்வரை படலத்தைக் கிழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன், ஏனெனில் கிழித்த பிறகு அந்தச் சீல் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.