பேசுவதுபோல் எழுதிய அறிக்கையை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது எப்படி?

அதிகாரிகளுக்கு நான் முதன்முதலில் எழுதிய அறிக்கையைப் படித்த அலுவலர், பேனாவால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, “இவர்கள் யார்? ஒருவரா, பலரா?” என்று கேட்டார். ‘அவர்கள் வந்து பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். எழுத்தில் பிழை இல்லை, விகுதிகள் எல்லாம் சரி. ஆனால் யார் வரவில்லை என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை.

பேச்சை எழுத்தாக்குவது என்றால் ‘இருக்கு’ என்பதை ‘இருக்கிறது’ என்று திருத்துவது என்றுதான் பலரும் தொடங்குகிறோம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பேசும்போது குரலும், கைச்சாடையும், எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியும் சேர்ந்துதான் பொருளைத் தருகின்றன. தாளில் அவை இருக்காது. அவை சுமந்த பொருளை முதலில் சொல்லாக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போவோம். தெருவில் உள்ள சிறுபாலம் மழையில் இடிந்ததைப் பற்றி ஓர் அறிக்கை. வாயில் வருவது இப்படி இருக்கும்:

> போன வாரம் பெய்ஞ்ச மழைல நம்ம தெருவுல இருக்குற சின்னப் பாலம் உடைஞ்சு போச்சு. ரெண்டு தடவ சொல்லியும் அவங்க வந்து பாக்கவே இல்ல. ஒரு பாட்டி வேற விழுந்துட்டாங்களாம்.

இதை இப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவிலேயே அலுவலகத் தமிழ் எழுத முயன்றால், சொல்லைத் தேடும் வேகத்தில் செய்தி நழுவிவிடும்.

படி 1: சுட்டும் சொற்களுக்குப் பெயர் கொடுங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். வரைவில் சுட்டிக் காட்டும் சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள்: போன வாரம், நம்ம, சின்ன, ரெண்டு தடவ, அவங்க.

‘போன வாரம்’ என்பது அறிக்கை படிக்கப்படும் நாளில் வேறு வாரமாகியிருக்கும். தேதி வேண்டும். ‘சின்ன’ என்பதற்கு அளவு வேண்டும். ‘ரெண்டு தடவ’ என்பதற்கு இரண்டு தேதிகளும், யாரிடம் சொன்னோம் என்பதும் வேண்டும்.

‘அவங்க’ கொஞ்சம் வஞ்சகமான சொல். பேச்சில் அது பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். எழுத்தில் ஒருவர் என்றால் ‘அவர் வரவில்லை’, பலர் என்றால் ‘அவர்கள் வரவில்லை’. இரண்டைவிடவும் பதவியின் பெயரை எழுதுவது நல்லது.

‘நம்ம’ இன்னும் நுட்பமானது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் அதில் அடக்கம். ‘நாங்கள்’ என்றால் அவர் அடக்கமில்லை. ‘நாம் இருமுறை புகார் அளித்தோம்’ என்று அதிகாரிக்கு எழுதினால், அவரும் சேர்ந்து புகார் அளித்ததாகப் பொருளாகிவிடும். அறிக்கையில் எங்கள் தெரு, நாங்கள் தெரிவித்தோம் என்றே எழுதுங்கள்.

படி 2: கண்டதையும் கேட்டதையும் பிரியுங்கள்

‘விழுந்துட்டாங்களாம்’ என்பதில் வரும் ‘ஆம்’ ஓர் அழகான வசதி. நான் பார்க்கவில்லை, பிறர் சொன்னார்கள் என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. எழுத்தாக்கும்போது பலர் அதை நீக்கி ‘விழுந்தார்’ என்று முடித்துவிடுகிறார்கள். கேட்ட செய்தி அங்கே கண்ட செய்தியாக மாறிவிடுகிறது. நாளை விசாரணைக்கு வருபவர் நம்மிடம்தான் கேட்பார். ஆகவே சொன்னவரைக் கொண்டுவாருங்கள்: ‘விழுந்ததாக எதிர்வீட்டில் வசிப்பவர் தெரிவித்தார்.’ நேரில் கண்டதற்கும் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதுங்கள்.

படி 3: ஆதங்கத்தை எடுத்துவிடுங்கள்

தமிழில் ஆதங்கம் தனிச் சொல்லாக வருவதைவிட, வினையின் வாலிலும் சிறு ஒட்டுகளிலும் ஒளிந்திருப்பதே அதிகம். ‘பார்க்கவே இல்லை’ என்பதில் உள்ள ஏகாரம், ‘பாட்டி வேற’ என்பதில் உள்ள ‘வேற’, ‘உடைஞ்சு போச்சு’ என்பதில் உள்ள ‘போச்சு’ ஆகிய மூன்றும் மனக்குறையின் குரல்கள். முதலிரண்டையும் நீக்கினால் செய்தி ஒரு துளியும் குறையாது: ‘பார்க்கவில்லை’, ‘விழுந்ததாக’.

மூன்றாவதில் கவனம் தேவை. மிடுக்காக எழுத நினைத்து ‘பாலம் உடைக்கப்பட்டது’ என்று எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘உடைந்தது’ என்றால் தானாக நிகழ்ந்தது. ‘உடைக்கப்பட்டது’ என்றால் யாரோ உடைத்தார்கள். மழை செய்ததை மனிதர் மேல் ஏற்றிவிடுகிறோம். ‘தண்ணீர் நின்றது’, ‘தண்ணீர் நிறுத்தப்பட்டது’ என்பவற்றிலும் இதே வேறுபாடு உண்டு. ‘படு’ சேர்ந்தால் அது எழுத்துநடை ஆகிவிடாது. செய்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்பது தேவையில்லை அல்லது தெரியாது என்றால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: ‘இடிந்தது’ நிகழ்ச்சியைச் சொல்கிறது, ‘இடிந்துள்ளது’ இப்போதும் அப்படியே இருக்கும் நிலையைச் சொல்கிறது. இடிந்த நாளைக் குறிப்பிடும் இடத்தில் முதலாவதும், இன்றைய நிலையைச் சொல்லும் இடத்தில் இரண்டாவதும் பொருந்தும்.

படி 4: இப்போது விகுதிகள்

இது எளிது. மழைல என்பது மழையில் ஆகும், தெருவுல என்பது தெருவில், பெய்ஞ்ச என்பது பெய்த. ‘பண்ணு’ வரும் இடங்களில் செய், அளி, தெரிவி ஆகியவற்றில் பொருந்துவதை இடுங்கள்.

இரண்டு பிழைகள் மட்டும் விடாமல் வரும். ஒன்று, பன்மை. பேச்சில் ‘சுவரெல்லாம் இடிஞ்சுது’ என்போம். எழுத்தில் ‘சுவர்கள் இடிந்தன’ என்று வர வேண்டும், ‘சுவர்கள் இடிந்தது’ தவறு. மற்றொன்று, ஐ, கு உருபுகளுக்குப் பின் வரும் ஒற்று: பாலத்தைச் சரிசெய்ய, அலுவலகத்துக்குத் தெரிவித்தோம். இவ்விரண்டையும் தேடுவதற்காகவே ஒருமுறை தனியாகப் படியுங்கள்.

நம் வரைவு இப்போது இப்படி ஆகியிருக்கும்:

> ஜூன் 12 இரவு பெய்த மழையில், நான்காம் குறுக்குத் தெருவின் தொடக்கத்தில் உள்ள சிறுபாலத்தின் கிழக்குப் பகுதி, சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு இடிந்தது. இதை ஜூன் 13 காலையில் நேரில் பார்த்தேன். அன்றும் ஜூன் 17 அன்றும் பகுதிப் பொறியாளரிடம் நாங்கள் தெரிவித்தோம். ஜூன் 20 வரை பாலத்தைப் பார்வையிட யாரும் வரவில்லை. ஜூன் 16 மாலையில் மூதாட்டி ஒருவர் அவ்விடத்தில் தவறி விழுந்ததாக எதிர்வீட்டில் வசிப்பவர் தெரிவித்தார். பாலம் இன்றும் இடிந்த நிலையிலேயே உள்ளது.

கடைசி வாக்கியத்தில் ஓர் ஏகாரத்தை விட்டுவைத்திருக்கிறேன். அது இன்றுவரை மாற்றமில்லை என்ற செய்தியைச் சொல்கிறது, அதனால் இருக்கலாம்.

படி 5: விறைப்பைத் தளர்த்துங்கள்

இந்த அளவுக்கு வந்ததும் ‘மேற்படி’, ‘மேற்கண்ட’, ‘என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். ‘மேற்படி பாலம்’ என்பதைவிட ‘அந்தப் பாலம்’ தெளிவு. ‘பார்வையிட்டார்’ என்பதைப் ‘பார்வையிடும் பணியினை மேற்கொண்டார்’ என்று நீட்ட வேண்டாம். உரக்கப் படித்துப் பாருங்கள். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோனால், அங்கே இரண்டாக வெட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ‘பொருள்’ வரியை எழுதுங்கள். ‘பாலம் தொடர்பாக’ என்றால் கோப்பில் அது எந்தப் பாலம் என்று தெரியாது. ‘நான்காம் குறுக்குத் தெரு சிறுபாலம் இடிந்தது – சீரமைக்கக் கோருதல்’ என்று எழுதினால், உறையைப் பிரிப்பவரே அதை உரிய மேசைக்கு அனுப்பிவிடுவார். தலைப்பகுதியில் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ இரண்டுக்கும் ‘ந’தான், ‘ன’ அல்ல.