கோலுக்குக் காரணமான பிறகு அடுத்த பந்தைக் கேட்பது எப்படி: புதிய பின்கள வீரர்களுக்கு ஒரு செய்முறை

கால்பந்தில் முன்கள வீரர் நான்கு வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் ஐந்தாவதை வலைக்குள் அடித்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம். பின்கள வீரருக்கு அந்த வசதி இல்லை. அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தாலும் விழுந்த கோல் பலகையில் அப்படியே நிற்கும். எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்ற தவிப்பில் அவர் இறங்கும்போதுதான் இரண்டாவது தவறும் பிறக்கிறது. ஆகவே இந்தச் செய்முறையில் ஈடுகட்டுவதைப் பற்றிய பேச்சே இல்லை. தவறு நடந்த அதே இடத்தில் அதே பந்தை மறுபடியும் கேட்டு வாங்கும் நிலைக்கு ஒருவர் எப்படித் திரும்புவது என்பதை மட்டுமே பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக எனக்கு நேர்ந்ததையே வைத்துக்கொள்கிறேன். நான் இடப்பக்கச் சென்டர் பேக்காக ஆடிய ஓர் ஆட்டம், 62-ஆவது நிமிடம், 1-1 என்ற நிலை. இடது பேக் எனக்குப் பந்தைத் தள்ளினார். முதல் தொடுதலில் பந்து என் காலுக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டது. எதிரணியின் ஸ்டிரைக்கர் பாய்ந்து வருவதைக் கடைசி நொடியில் பார்த்து, கோல்கீப்பரை நோக்கிப் பின்னால் தட்டினேன். பந்தில் வேகம் இல்லை. ஸ்டிரைக்கர் இடையில் புகுந்து எடுத்துக் கோல் அடித்தார்.

முதல் படி: மறுபடியும் ஆட்டம் தொடங்கும் முன்

கோல் விழுந்ததற்கும் நடுவட்டத்தில் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் மூன்று காரியங்களைச் செய்தால் போதும்.

உங்கள் இடத்துக்கு நடந்துகொண்டே, மூக்கின் வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, வாய் வழியாக ஏழு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்போது இதயத்துடிப்பு தணியும். படபடப்பில் இறுகிப்போன கால்களும் தோள்களும் ஓரளவு தளரும். அடுத்து, கோல்கீப்பரிடம் ஒரே ஒரு முறை, "என் தப்பு" என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கைதூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரு நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். மூன்றாவதாக, அடுத்த பந்துக்காக உங்களுக்கு நீங்களே ஒரு கட்டளை கொடுத்துக்கொள்ளுங்கள். அது உடலால் செய்யக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "இனித் தப்பு பண்ணாதே" என்று சொல்லிக்கொண்டால் கவனம் மறுபடியும் தப்பின் மேல்தான் போய் உட்காரும். "பந்து வரும் முன் தோளுக்குப் பின்னால் பார்" என்பதோ, "பாதத்தின் உட்புறத்தால் அழுத்தித் தள்ளு" என்பதோ கண்ணுக்கும் காலுக்கும் நேரடியாக வேலை கொடுக்கும்.

இரண்டாம் படி: அடுத்த பத்து நிமிடங்கள்

தவறு செய்த பின்கள வீரர் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுகிறார். நான் ஒரே ஆட்டத்தில் இரண்டிலும் விழுந்தேன்.

முதல் பள்ளம் ஒளிந்துகொள்வது. இது கோழைத்தனம் போல வெளியே தெரியாது, செய்பவருக்கேகூடத் தெரியாது. இடது பேக் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். நீங்கள் இரண்டடி தள்ளி, சரியாக எதிரணி வீரரின் நிழலில் போய் நிற்பீர்கள். அங்கே உங்களுக்குப் பாஸ் போட வழியே இருக்காது. நீங்கள் உங்கள் இடத்தில்தான் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: பந்து வைத்திருக்கும் தோழரின் பாதங்கள் உங்களுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இடையில் யாரோ மறைக்கிறார்கள். பாதங்கள் தெரியும் வரை நகருங்கள்.

இரண்டாவது பள்ளம், பறித்தே தீருவேன் என்று முன்னால் பாய்வது. கோல் விழுந்து ஒன்பது நிமிடங்களுக்குப் பிறகு, பொறுத்து நின்று தாமதப்படுத்தியிருக்க வேண்டிய இடத்தில் சறுக்கி விழுந்து டாக்கிள் செய்து மஞ்சள் அட்டை வாங்கினேன். அதற்குப் பின் மிச்ச ஆட்டம் முழுவதும் யாரையும் நெருங்கவே பயந்தேன். ஆகவே இந்தப் பத்து நிமிடங்களுக்குக் காலைத் தரையில் ஊன்றி நில்லுங்கள்; எதிராளியோடு ஒரு கை நீளத் தூரம் வைத்துப் பின்வாங்கியபடியே அவரை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள்.

முதலில் வரும் பந்துக்கு எட்டு அல்லது பத்து மீட்டருக்குள், உங்களைப் பார்த்து நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தம் இருந்தால் ஓரக்கோட்டுக்கு வெளியே அடித்துவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாற்பது மீட்டர் பாஸ் ஒன்றை அழகாகப் போட்டு எல்லோருக்கும் காட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசைதான் ஈடுகட்டும் தவிப்பின் இன்னொரு முகம் என்பதை அடையாளம் கண்டு விலக்கிவிடுங்கள். இடையிடையே பக்கத்து வீரர்களிடம் "ஏறு", "இடப்பக்கம் ஆள்" என்று குரல் கொடுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். உள்ளுக்குள் போய்ப் பழைய காட்சியை ஓட்ட அவருக்கு நேரம் இருக்காது.

மூன்றாம் படி: தவறைச் சரியான இடத்தில் தேடுவது

அன்றிரவே காணொளியைப் பார்க்காதீர்கள். ஒரு நாள் கழித்து, தூங்கி எழுந்த தலையோடு பாருங்கள். பார்க்கும்போது கோல் விழும் காட்சியிலிருந்து தொடங்காமல் அதற்குப் பத்து நொடிகளுக்கு முன்னால் போய் நிறுத்துங்கள். பெரும்பாலானோர் கடைசித் தொடுதலையே தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள அநேகமாக ஒன்றும் இருக்காது. தன் மேல் வெறுப்புதான் மிஞ்சும்.

என் காட்சியைப் பின்னோக்கி ஓட்டியபோது தெரிந்தது இது. பந்து இடது பேக்கிடம் இருந்த நான்கு நொடிகளிலும் நான் ஒரு முறைகூடத் தலையைத் திருப்பவில்லை. அதனால் ஸ்டிரைக்கர் எங்கிருந்து வருகிறார் என்பது எனக்குத் தெரியவே இல்லை. தெரியாததால் உடலை மைதானத்துக்குத் திறந்து நிற்காமல் பந்துக்கு நேரெதிராக மூடிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றால் பந்தை வலப்பக்கம் ஓடவிட முடியாது. காலுக்கடியில்தான் நிறுத்த முடியும். காலுக்கடியில் சிக்கிய பந்தை வீசி உதைக்க இடம் இருக்காது, தட்டத்தான் முடியும். வேகமில்லாத பேக் பாஸ் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. "எனக்குப் பாஸ் போடத் தெரியவில்லை" என்று இரண்டு நாட்களாக நொந்துகொண்டிருந்தேன். உண்மையில் நான் பார்க்காமல் இருந்ததுதான் தவறு. முந்தையதற்கு மருந்து இல்லை. பிந்தையதை ஒரே வாரத்தில் பழகிவிடலாம்.

ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: பந்து வரும் முன் என்ன பார்த்தேன், உடல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, முதல் தொடுதல் எங்கே போனது. இந்த மூன்றில் எது முதலில் கெட்டதோ அதுதான் உங்கள் பயிற்சி. கோல்கீப்பர் நின்ற கோணமோ, வந்த பாஸின் தாமதமோ பங்களித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். யார் மேலும் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்க அது தேவை.

நான்காம் படி: அதே பந்து, மூன்று நிலைகளில்

இதற்கு இடது பேக்கையும் கோல்கீப்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கோலுக்குப் பிறகு உங்களுக்குப் பாஸ் போட அவர்களும் உள்ளூரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கமும் பழகித்தான் போக வேண்டும்.

முதல் நிலையில் எதிராளி இல்லை. தோழர் பாஸ் போடும் முன், உங்கள் பின்னால் நிற்கும் ஒருவர் சில விரல்களைக் காட்டுவார். நீங்கள் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொன்ன பிறகே பந்து வரும். பார்த்ததாகப் பாவனை செய்ய இதில் இடமில்லை. இரண்டாம் நிலையில், எட்டு மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் மெதுவோட்டத்தில் உங்களை நோக்கி வருவார். பாதி முறை வலப்பக்கமாகவும் பாதி முறை இடப்பக்கமாகவும் வருவார். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். மூன்றாம் நிலையில் அவர் முழு வேகத்தில் வந்து பந்தைப் பறிக்கப் பார்ப்பார். ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பந்துகள். பத்தில் எட்டு ஒழுங்காகப் போனால் அடுத்த நிலைக்குச் செல்லுங்கள். ஐந்துக்கும் கீழே போனால் ஒரு நிலை இறங்குங்கள். பதினைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

மூன்றாம் நிலையில் பழைய நடுக்கம் திரும்ப வரும். பயிற்சி வீண் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நடுக்கம் இருக்கும்போதே தலை திரும்புகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஐந்தாம் படி: அடுத்த ஆட்டங்களில் எதை எண்ணுவது

விழுந்த கோல்களை எண்ணாதீர்கள். அது உங்கள் ஒருவர் கையில் இல்லை. பக்கத்துச் சென்டர் பேக்கிடமோ மாற்று வீரரிடமோ சொல்லி, தோழரிடம் பந்து இருக்கும்போது நீங்கள் எத்தனை முறை பாஸ் வாங்கும் இடத்துக்கு நகர்ந்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த எண்ணிக்கை ஏறினால், மனம் என்ன சொன்னாலும் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு நாள் பிடிக்கும். 2019 ஜூன் 6 அன்று நேஷன்ஸ் லீக் அரையிறுதியின் கூடுதல் நேரத்தில், இங்கிலாந்தின் ஜான் ஸ்டோன்ஸ் தன் பெனால்டி பகுதியின் அருகே மெம்பிஸ் டிபாயிடம் பந்தை இழந்தார். அதிலிருந்து நெதர்லாந்துக்கு இரண்டாவது கோல் கிடைத்தது. இங்கிலாந்து 3-1 என்று தோற்றது. அடுத்த பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியிலும் அவருக்கு நிலையான இடம் இல்லை. 2020-21-இல்தான் ரூபன் டியாஸோடு சேர்ந்து பின்களத்தில் மறுபடியும் ஊன்றினார்; அந்தப் பருவத்தில் அணி லீக்கை வென்றது. 2023-இல் இன்டர் மிலானை 1-0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியில், அவர் பின்களத்திலிருந்து நடுக்களத்துக்கு ஏறி, எதிராளிகளுக்கு நடுவே நின்று பந்து வாங்கும் வேலையைச் செய்தார். 2019-இல் பறிபோனது எந்த வகைப் பந்தோ, ஏறக்குறைய அதே வகைப் பந்து.

மூன்று வாரம் கழிந்தும் தூக்கம் வராமல் அதே காட்சி ஓடிக்கொண்டிருந்தாலோ, அணியில் பெயர் வராதா என்று ஏங்கியவர் வந்துவிடக் கூடாதே என்று நினைக்கத் தொடங்கினாலோ, இந்தப் பயிற்சி மட்டும் போதாது. பயிற்றுநரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விளையாட்டு உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள்.

எனக்கு அந்தப் பந்து மூன்றாவது ஆட்டத்தில் வந்தது: அதே இடது பேக், அதே மூலை. வருவதற்கு முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். எதிரணி வீரர் என் வலப்பக்கத்தை அடைத்தபடி நெருங்கிக்கொண்டிருந்தார். கோல்கீப்பருக்கான வழியும் இன்னொருவரால் மறைந்திருந்தது. முதல் தொடுதலில் பந்தை முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, ஓரக்கோட்டுக்கு வெளியே ஓங்கி அடித்தேன். எதிரணிக்குத் த்ரோ-இன் கிடைத்தது. இடது பேக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன் ஆளைப் பிடிக்க ஓடினார்.