குருப்பெயர்ச்சி பலன்: ராசியோடு நிறுத்திக்கொள்ளும் தவறு

பாலக்காட்டு எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் குருப்பெயர்ச்சி என்றால் இரண்டு மொழியில் பயம் வரும். தமிழ்ப் பத்திரிகை “தனுசு ராசிக்கு அஷ்டம குரு” என்று போடும். மலையாளப் பத்திரிகை “தனுக்கூறுக்கு வியாழன் எட்டில்” என்று எழுதும். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: பிறக்கும்போது சந்திரன் நின்ற ராசியிலிருந்து எண்ணிய பலன். வீட்டில் அதை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பை, வேலையை, கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவைக்கிறார்கள். ஜாதகத்தில் லக்னம் என்று, பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி ஒன்று இருப்பதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு உதாரண ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். 2000 டிசம்பர் கடைசி வாரத்தில், மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் பிறந்த பெண். பூராடம் நட்சத்திரம், தனுசு ராசி, மீன லக்னம். மேற்படிப்பில் சேரலாமா என்று கேட்கிறாள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2026 ஜூன் 2-ம் தேதி குரு மிதுனத்திலிருந்து கடகத்துக்கு வருகிறார். தனுசுக்குக் கடகம் எட்டாம் இடம். ராசியிலிருந்து 2, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில்தான் குரு நல்லவர் என்பது வழக்கமான விதி. எட்டு அதில் இல்லை. அம்மா உடனே “இந்த வருஷம் வேண்டாம்” என்று சொல்லிவிடுவாள்.

இப்போது லக்னத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். மீனத்துக்குக் கடகம் ஐந்தாம் பாவம்: புத்தி, கல்வி, பூர்வபுண்ணியம். அங்கே வருகிறவர் யார்? லக்னத்துக்கும் பத்தாம் வீட்டுக்கும் உடைய குரு. அதுவும் தன் உச்ச ராசிக்கு வருகிறார். படிப்பைப் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான கோசாரம், அதாவது கிரக நகர்வு, எளிதில் கிடைக்காது. அப்படியானால் எட்டாம் இடத்துக்குப் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. ராசியிலிருந்து பார்ப்பது மனம் எப்படி அனுபவிக்கும் என்பதை. லக்னத்திலிருந்து பார்ப்பது எந்தக் காரியம் அசையும் என்பதை. நான் அப்படித்தான் படிக்கிறேன். இந்தப் பெண் படிப்பில் சேருவாள், ஆனால் அலைச்சலோடும் மனக்கலக்கத்தோடும் சேருவாள். “சேராதே” என்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

குரு நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அவர் பார்க்கும் இடங்களை விட்டுவிடுவது அடுத்த தவறு. நின்ற இடத்திலிருந்து 5, 7, 9 ஆகிய மூன்று வீடுகளையும் அவர் பார்க்கிறார். கடகத்திலிருந்து விருச்சிகம், மகரம், மீனம். இந்த ஜாதகத்தில் அவை ஒன்பதாம் வீடு, பதினொன்றாம் வீடு, லக்னம். மீனத்தில் அந்த வருஷம் சனி இருக்கிறார். தனுசு ராசிக்கு அது நாலாம் இடம், அர்த்தாஷ்டமச் சனி; லக்னத்திலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சனியை உச்ச குரு ஒன்பதாம் பார்வையாகப் பார்க்கிறார். பாரம் முழுதும் இறங்காது, ஆனால் சுமக்க முடிகிற பாரமாகும். இந்த ஒரு பார்வையைக் கவனிக்காமல் “எட்டில் குரு, நாலில் சனி” என்று சேர்த்துப் பயமுறுத்துவது அநியாயம்.

அப்புறம், பெயர்ச்சி நாளில் சொன்ன பலன் வருஷம் முழுக்க அப்படியே நீளும் என்று நினைக்கிறோம். இந்த முறை அப்படி இல்லை. குரு அதிசாரமாக வேகமாகப் போய் அக்டோபர் 31-ல் சிம்மத்தில் நுழைகிறார். டிசம்பரில் வக்கிரமாகி, அதாவது பின்னோக்கி நகர்ந்து, 2027 ஜனவரி 25-ல் கடகத்துக்கே திரும்புகிறார். ஜூன் கடைசியில்தான் மறுபடி சிம்மம். நம் பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் ராசிப்படி ஒன்பதாம் இடம். பத்திரிகை “பொற்காலம்” என்று எழுதும். லக்னப்படியோ ஆறாம் இடம்: கடன், போட்டி, உடல் அசதி. சிம்மத்திலிருந்து பத்தையும் பன்னிரண்டையும் இரண்டையும் பார்ப்பதால் வேலைப் பேச்சு வரும், செலவும் கூடவே வரும். கல்விக் கடனைப் பெரிதாக்கிக்கொள்ளும் மாதங்கள் இவை அல்ல. மனசு உற்சாகமாக இருக்கும் என்பதாலேயே இங்கே கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

பாகையையும் பாருங்கள். இவளுடைய லக்னம் மீனத்தில் 25 பாகை வாக்கில் விழுகிறது. ஆகவே ஐந்தாம் பாவத்தின் நடுப்புள்ளி கடகத்தில் 25 பாகை. குரு அந்தப் புள்ளியை அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முறை கடக்கிறார். வக்கிரத்தில் மார்ச் வாக்கில் மறுபடி தொடுகிறார். 23 பாகை வரை பின்வாங்கி, ஏப்ரல் நடுவில் நேராகி, மே மாதம் மூன்றாவது முறை கடக்கிறார். முதலில் ஆரம்பித்தது நடுவில் மறுபரிசீலனைக்கு வந்து, மே மாதத்தில் முடிவாகும் என்று வாசிக்க வேண்டும். மார்ச் மாதம் ஏதாவது தடைப்பட்டால் “எட்டாம் குரு வேலையைக் காட்டிவிட்டது” என்று படிப்பை விட்டுவிடக் கூடாது. லக்னம் 5 பாகையில் இருக்கிற ஒருவருக்கு இந்த மூன்று தொடுதல் கிடையாது. ஜூன் கடைசியில் ஒரே தடவை, அவ்வளவுதான்.

இத்தனையும் தசாபுக்தி இடம் கொடுத்தால்தான். இவளுக்கு இப்போது சந்திர தசையில் சனி புக்தி. சந்திரன் ஐந்துக்குடையவர், பத்தில் இருக்கிறார். கோசார குரு வருவது அந்தச் சந்திரனின் வீட்டுக்கே. சனி பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உடையவர், அவருடைய மகரத்தையும் குரு பார்க்கிறார். தசையும் புக்தியும் குருவும் ஒரே திசையில் இழுப்பதால் தைரியமாகச் சொல்லலாம். இதே லக்னம், இதே ராசியில் சுக்கிர தசை நடக்கிறவருக்குச் சுக்கிரன் மூன்றுக்கும் எட்டுக்கும் உடையவர். அவருக்கு அதே குரு நல்ல செய்தியைக் கொண்டுவரலாம், கைக்கு வர நாளாகும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு பிசகும் உண்டு. மலையாளத்தில் எழுதிய பழைய ஜாதகத்தைத் தமிழில் பெயர்த்தெழுதும்போது கட்டத்தில் உள்ள ‘கு’ என்ற எழுத்தைக் குரு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அது குஜன், அதாவது செவ்வாய். குருவுக்கு அழுத்தி உச்சரிக்கும் வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தாகிவிடுவதால் கிரகமே மாறிப்போகிறது. அதேபோல் ‘ம’ என்றால் மந்தன், சனி; ‘மா’ என்றால் மாந்தி.

இதைச் சரிபார்ப்பது எளிது. குரு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு ராசி நகர்கிறவர், பிறந்த வருஷத்தை வைத்தே இடத்தைப் பிடித்துவிடலாம். 2000 ஜூன் முதல் 2001 ஜூன் வரை பிறந்தவர்களுக்கு அவர் ரிஷபத்தில்தான் இருப்பார். நம் உதாரணப் பெண்ணின் கட்டத்தில் துலாமில் குரு என்று எழுதியிருந்தால், மலையாளத்தில் எழுதியவர் செவ்வாயைத்தான் அங்கே வைத்திருக்கிறார். குரு ரிஷபத்தில் சனியோடு இருக்கிறார். ஜாதகம் எந்தப் பஞ்சாங்கப்படி கணித்தது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 2025-ல் வாக்கியப்படி மே 11, திருக்கணிதப்படி மே 14 என்று குருவுக்கு மூன்று நாள் வித்தியாசம்தான். சனி மீனத்துக்கு வந்த தேதியிலோ ஏறக்குறைய ஒரு வருஷமே வித்தியாசம்: திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6. குருவை ஒன்றிலும் சனியை இன்னொன்றிலும் எடுத்தால், வானத்தில் இல்லாத சேர்க்கைக்குப் பலன் சொல்லிக்கொண்டிருப்போம்.