ஐடிலில் ஒழுங்கு, ஓட்டத்தில் திணறல்: கோளாறு சிடிஐயில்

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போவதற்குள் என் பழைய 100 சிசி பைக் அனலாய்க் கொதிக்கும். பின்னால் ஒரு உர மூட்டை வைத்தால் 40-ஐத் தாண்டாது. கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டரும் புதுசு. நாலு நாள் வீணானதுதான் மிச்சம்.

ஐடிலில் மட்டும் துளி பிசிறில்லை. ஒரு ராத்திரி வந்து நிறுத்தியபோது, சைலன்சர் குழாய் ஹெட்டை ஒட்டிய இடத்தில் மங்கலாகச் சிவந்திருந்தது.

மெக்கானிக் அண்ணன், பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தார். மேக்னெட்டில் பொறி விழும் இடத்தைக் காட்டும் ‘எஃப்’ கோடு, ஐடிலில் என்ஜின் உறையிலுள்ள குறிக்கு நேராக நின்றது. ஆக்ஸிலேட்டரை முறுக்கியும் நகரவில்லை. "தம்பி, அட்வான்ஸே ஆகலை" என்றார்.

பெட்ரோல் எரிய நேரம் வேண்டும். அதனால் வேகம் கூடக்கூட, பிஸ்டன் உச்சிக்கு வருமுன் இன்னும் முன்னதாகவே பொறி விழவேண்டும்; அதுதான் அட்வான்ஸ். அதைப் பார்த்துக்கொள்வது சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி. பொறி பிந்தினால் பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூடு ஹெட்டுக்கும் குழாய்க்கும் போய்விடும்.

போன மாதம் நான் மாற்றிய சிடிஐ வேறு மாடலுடையது, சாக்கெட் மட்டும் பொருந்தியிருக்கிறது! வண்டிக்குரியதைப் போட்டதும், முறுக்க முறுக்க அட்வான்ஸ் கோடுகள் குறிக்கு நேரே வந்தன. இப்போது மூட்டையோடு 60 போகிறது. அப்பாடா.