நீச்சல்குளத்தின் விளிம்பு விளக்கு ஏன் இருண்டது?

சுங்கை சிப்புட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவின் மாலைநேரக் காட்சிப்படம் பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்துகொண்டிருந்தேன். "தம்பி, முன்னால ஒரு நீச்சல்குளம் வச்சிடுங்க" என்றார் வீட்டுக்கார அண்ணன். குளம் வந்தது. விளிம்புக்குக் கீழே, நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழத்தில், நீளமான ஏரியா லைட் வைத்தேன். ஆனால் பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் குளத்துச் சுவர் ஓடுகள் கருகருவென்று இருந்தன.

நீரை மறைத்துப் பார்த்தேன், ஓடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஆக, கோளாறு விளக்கில் இல்லை, நீரில்தான். நீராக நான் வைத்த பெட்டியின் பக்கங்கள் ஓடுகளுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றன. ஓடு பெட்டிக்கு வெளியே, விளக்கு உள்ளே. நடுவில் இருக்கும் ஒளிவிலகும் பரப்பை சைக்கிள்ஸ் நேரடி ஒளிக்குத் தடையாகவே எடுத்துக்கொள்ளும். பெட்டியைப் பக்கங்களிலும் அடியிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக்கி, சுவருக்குள் புதைத்தேன். ஒளி ஓடுகளில் மென்மையாக வழிந்தது.

வெளிச்சம் பங்களாச் சுவரிலும் பட வேண்டுமே. அதற்கு நீரின் மெட்டீரியலை ஒரு Transparent BSDF உடன் Mix Shader-இல் கலந்து, கலப்பு அளவுக்கு Light Path-இன் Is Shadow Ray-ஐக் கொடுத்தேன். நிழல் கதிர்களுக்கு மட்டும் நீர் தடையாகாது.

அப்புறம் பிரதிபலிப்பு. ஒளிவிலகல் எண்ணான IOR-ஐ 1.333 என்று போட்டும் நீர் கண்ணாடித் தகடு மாதிரியே இருந்தது. Noise Texture-ஐ Bump வழியாக மிக லேசாகக் கொடுத்ததும் ஜன்னல் வெளிச்சம் செங்குத்துக் கோடுகளாக நீண்டது. கேமராவைத் தரையோடு வைத்தால் வானப் பிரதிபலிப்பு அடிவிளக்கை விழுங்கிவிடும். கண் உயரத்துக்கும் சற்று மேலே ஏற்றியதும் இரண்டுமே தெரிந்தன.